கோட்டை நீட்டி விடை எடுக்கலாமா?

கேள்வி: "ஃபினாந்த்ரோலின் முறையில் தண்ணீரில் இரும்பு அளந்தோம். 1 முதல் 4 மி.கி./லி. வரை நேர்கோடு வந்தது, மி.கி.க்கு 0.2 அப்சார்பன்ஸ். மாதிரிக்கு 1.70 வந்ததால் ஸ்கேல் வைத்துக் கோட்டை நீட்டி 8.5 என்று எழுதினேன். சார் அடித்துவிட்டார். ஏன்?"

அடித்தது சரிதான். 4க்கு மேல் கோடு எப்படிப் போகிறது என்று நீங்கள் அளக்கவில்லையே! பிளாங்க் பற்றிய வீடியோவில் சொன்னதுதான்: கருவி செறிவைப் பார்ப்பதில்லை, வந்து சேரும் ஒளியை மட்டுமே பார்க்கிறது. அப்சார்பன்ஸ் 2 என்றால் 100 பங்கு ஒளியில் 1 பங்குதான் கரைசலைத் தாண்டி வருகிறது. கருவிக்குள் 1 பங்கு வேற்றொளி கசிந்தால் உணரிக்கு 2 பங்கு தெரியும், 2.0 வரவேண்டிய இடத்தில் 1.70 காட்டும். 0.8இல் 16 பங்கு வருவதால் அதே கசிவு 0.02 அளவுக்குத்தான் குறைக்கும், கோடு கண்ணுக்கு நேராகவே தெரியும்.

சரி, என்ன செய்வது? மாதிரியில் 10 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 50 மி.லி. ஆக்குங்கள். அதற்கு அப்புறம்தான் ஹைட்ராக்சிலமீன், பஃபர், ஃபினாந்த்ரோலின் எல்லாம். 510 நானோமீட்டரில் 0.40 வந்தால் 2 மி.கி., 5ஆல் பெருக்கினால் 10. 8.5 இல்லை.

நிறம் வருவதற்கு முன்பே நீர்க்க வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவி சிவந்த கரைசலையே நீர்த்துக்கொண்டிருந்தார். ஓர் இரும்பு அயனிக்கு மூன்று ஃபினாந்த்ரோலின் மூலக்கூறுகள் வேண்டும். இரும்பு அதிகமாகி வினைப்பொருள் தீர்ந்திருந்தால் மிச்ச இரும்பு நிறமே இல்லாமல் நிற்கும், பிறகு எவ்வளவு நீர்த்தாலும் அது கணக்கில் வராது. அன்று புதிதாக எடுத்த மாதிரியில் ஃபினாந்த்ரோலினை இரட்டிப்பாக ஊற்றச் சொன்னேன், அளவீடு ஏறிவிட்டது.

உண்மையில் நான் எதிர்பார்த்த கேள்வி வேறு: நீர்க்காமல், அரை செ.மீ. க்யூவெட்டில் அளந்தால் போதாதா? பாதை நீளம் பாதியானால் அப்சார்பன்ஸும் பாதியாக வேண்டும். உங்கள் கரைசலை அதில் ஊற்றுங்கள், அதே கருவியில் பிளாங்கும் அரை செ.மீ.யிலேயே. 1.70இல் பாதியான 0.85 வராமல் 0.96 வந்தால், 1 செ.மீ. அளவீட்டில் ஒளிக் கசிவு இருந்தது என்று பொருள். சரியாகப் பாதி வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் வினைப்பொருள் தீர்ந்த கரைசலும் அப்படித்தான் சரியாகப் பாதி காட்டும், ஏனென்றால் நிறமில்லாத இரும்பு எந்த க்யூவெட்டிலும் தெரியாது. அதனால் குட்டை க்யூவெட்டை சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் விடை நீர்த்து எடுத்த 10தான்.