15 சதவீதமும் 13 சதவீதமும்

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசை நிலையான வைப்பில் போட்டுப் பழகிய எங்கள் ஆட்கள் பலர் இப்போது யூனிட் ட்ரஸ்ட் பக்கமும் பார்க்கிறார்கள். பலருடைய காசைச் சேர்த்து முதலிடும் நிதியம் அது, இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்பார்கள். நிதியத்தைப் பற்றிய விவரங்களை ஒன்றிரண்டு பக்கத்தில் தகவல் தாளாகத் தருவார்கள். அதை எப்படி வாசிப்பது என்று ஒரு கற்பனைக் கணக்கோடு சொல்கிறேன்.

பங்குகளில் முதலிடும் ஒரு நிதியம். கடந்த ஒரு வருட வருமானம் 15 சதவீதம். பக்கத்தில் ஒப்பீட்டுச் சுட்டெண்ணாக ASPI, 13 சதவீதம். பார்த்தவுடன் சந்தையை வென்றுவிட்டது என்றுதான் தோன்றும்.

சரி, அந்த ASPI என்ன? கொழும்புப் பங்குச் சந்தையின் எல்லாப் பங்குகளின் விலையையும் சேர்த்த சுட்டெண். விலை மட்டும்தான். கம்பனிகள் கொடுக்கும் பங்கிலாபம் அதில் இல்லை. நிதியத்தின் 15 சதவீதத்திலோ அதுவும் சேர்ந்திருக்கிறது. பங்கிலாபத்தையும் கணக்கிடும் சுட்டெண்ணின் பெயர் ASTRI. அந்த வருடம் பங்கிலாபம் 3 சதவீதம் என்று வைத்தால், சந்தை கொடுத்தது ஏறக்குறைய 16. நிதியம் ஒரு சதவீதம் பின்தங்கிவிட்டது. ஆகவே எண்ணைப் பார்க்க முன்னம் சுட்டெண்ணின் பெயரைப் பாருங்கள்.

அப்புறம் செலவு விகிதம். முகாமைக் கட்டணம், நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டணம் போன்றவை இதற்குள் வரும். 2.5 சதவீதம் என்று வையுங்கள். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு வருடம் 12,500 ரூபா. இதற்கு உங்களுக்குத் தனியாக பில் வராது. அலகு விலையைக் கணிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவார்கள். அதனால் அந்த 15 செலவு போன மிச்சம், அதிலிருந்து திரும்பவும் கழிக்க வேண்டாம். செலவுக்கு முன் ஏறக்குறைய பதினேழரை வந்திருக்கும். முகாமையாளர் சந்தையை ஒன்றரை சதவீதம் வென்றுதான் இருக்கிறார், கட்டணம் அதைத் தின்றுவிட்டது. அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.

அந்தக் கட்டணத்துக்கு என்ன வேலை நடக்கிறது என்பதை அதிகம் முதலிட்ட கம்பனிகளின் பட்டியல் ஓரளவு காட்டும். சந்தையின் மிகப் பெரிய கம்பனிகளே, சந்தையில் உள்ள அதே பங்கு விகிதத்தில் வரிசையாக இருந்தால், நிதியம் சுட்டெண்ணோடுதான் ஏறி இறங்கும். கட்டணமும் போனால் பின்தங்குவதுதான் வழக்கம். பட்டியல் வேறு மாதிரி இருந்தால் முகாமையாளர் சுயமாகத் தெரிவு செய்கிறார் என்று அர்த்தம். ஆனால் ஒரே கம்பனியில் பெரும் பங்கு குவிந்திருந்தால், ஒரு வருட வெற்றி அந்த ஒன்றால் வந்ததாகவும் இருக்கலாம். பட்டியல் மாதக் கடைசி நாளின் நிலவரம் மட்டுமே, எனவே சில மாதத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள்.

தாளில் ASPI மட்டும் இருந்தால், அதே காலத்துக்கான ASTRI எவ்வளவு என்று நிதியக்காரரிடமே கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டுமல்ல, ஐந்து வருடத்துக்கும் கேளுங்கள்.