தாத்தா படத்தில் தாத்தா இல்லை

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பாட்டியிடம் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பழைய ஐசிக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கொடுத்து ஏஐயில் வண்ணப் படம் செய்தேன். பாட்டி பார்த்துவிட்டு, "யாருய்யா இது? உங்க தாத்தா மரம் வெட்டுனவரு. இவன் கிராணி மகன் மாதிரில இருக்கான்," என்றார்.

சரி, எது தப்பு என்று கண்டுபிடிக்க அளந்து பார்த்தேன். இரண்டு படங்களிலும் கருவிழிக்குக் கருவிழி 120 பிக்சல் வருகிற மாதிரி பெரிதாக்கிக்கொண்டேன். கண் மட்டத்தில் முகத்தின் அகலம் பழையதில் 250, புதியதில் 248. அப்படியானால் கண்களின் இடைவெளி சரி. மூக்கின் அகலம் பழையதில் 76, புதியதில் 64. வாய் மட்டத்தில் தாடை 216 இருந்தது 196 ஆகிவிட்டது. இதில் இன்னொன்றைக் கவனியுங்கள்: புதிய படத்தில் தாத்தா சிரிக்கிறார். சிரித்தால் மூக்கு விரியும். விரிந்தும் 64 என்றால், உண்மையில் இன்னும் ஒல்லியாக்கியிருக்கிறது.

அளப்பதற்கு முன் ஒரு விஷயம். முதலில் ஐசி படத்தை போனில் சாய்வாக எடுத்திருந்தேன், எல்லா அளவும் கோணலாக வந்தது. போட்டோஸ்டேட் கடையில் ஸ்கேன் செய்த பிறகுதான் நம்ப முடிந்தது. புதிய படத்தில் தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தாலும் அளக்காதீர்கள், கண் இடைவெளி குறைந்தது போலக் காட்டும்.

இப்போது வார்த்தைக்கு வருவோம். நான் எழுதியது, "அழகான இளைஞர், சிரித்த முகம், ஸ்டூடியோ படம்". அந்த "அழகான" தான் மூக்கையும் தாடையையும் இழுத்திருக்கிறது என்று சந்தேகம். அதையும் சிரிப்பையும் எடுத்துவிட்டு நான்கு படங்கள் செய்தேன். ஒரே வார்த்தைக்கே ஒவ்வொரு முறையும் முகம் கொஞ்சம் மாறும், அதனால் ஒரு படத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. நான்கிலும் மூக்கு 70 பக்கத்தில் வந்தது, தாடை 205 பக்கத்தில்.

அடுத்து மூக்கை மட்டும் தொட்டேன். "6 பிக்சல் அகலம் கூட்டு" என்றால் ஏஐக்குப் புரியாது. "ஒல்லி மூக்கு வேண்டாம்" என்றால் சில நேரம் அந்த ஒல்லியையே பிடித்துக்கொள்ளும். முகத்திலேயே இருக்கிற அடையாளத்தைச் சொல்லுங்கள்: "மூக்கின் இரு ஓரமும் கண்களின் உள்மூலையைத் தாண்டி கொஞ்சம் வெளியே." மூக்கு 75 ஆனது. பிறகு தாடைக்கு, "காதுக்குக் கீழே நேராக இறங்கி, மோவாய் சதுரமாக." 213 வந்தது, போதும்.

அந்தப் படத்தைப் பாட்டியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தாடையை விரலால் தடவினார். "இவருதான். ஆனா காது இன்னும் கொஞ்சம் வெளிய நிக்கும்யா," என்றார். ஐசி படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், காதை நான் அளக்கவே இல்லை.