ஒரு வட்டின்னு குடுத்த கடன், எக்ஸெல்ல போட்டா ரெண்டே முக்கால் வட்டி!

[கேமரா முன்]

மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம். இப்படிச் சொல்லித்தான் கடன் கொடுத்தார்கள். அதே கடனை எக்ஸெல்லில் ஒரே ஒரு ஃபார்முலாவில் போட்டால் 38 சதவீதம் என்று வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் வேடிக்கை.

வணக்கம் மக்களே. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு முனையில் ஒரு அக்கா சாயங்கால டிபன் கடை வைத்திருக்கிறார். போன வருடம் ஜனவரியில் ஒருவரிடம் 1 லட்சம் கடன் வாங்கினார். ‘பிராசஸிங்’ என்று 3,000 பிடித்துக்கொண்டு கையில் 97,000 தந்தார்கள். மாதத் தவணை கிடையாது, கல்யாண ஆர்டர் வரும்போது கட்டினால் போதும், ஒரு வருடத்துக்குள் மொத்தம் 1,12,000 வந்துவிட வேண்டும். இவ்வளவுதான் கதை. அக்கா கட்டியது இப்படி:

```
     A             B
2  01-01-2025    97000
3  01-02-2025   -20000
4  01-04-2025   -30000
5  01-05-2025   -10000
6  01-08-2025   -30000
7  01-01-2026   -22000
```

கைக்கு வந்தது பிளஸ், கையை விட்டுப் போனது மைனஸ். மாற்றிப் போட்டாலும் விடை அதேதான், ஆனால் இரண்டும் எதிரெதிராக இருக்க வேண்டும். எல்லாமே பிளஸ்ஸாக இருந்தால் `#NUM!` என்று முகத்தில் அடிக்கும். முதல் வரியில் 97,000 என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது 1 லட்சமாக இருக்கலாம், அக்கா கைக்கு வந்தது 97,000தானே.

```
=XIRR(B2:B7, A2:A7)
```

தேதியையும் தொகையையும் வைத்து உண்மையான வருட வட்டியைக் கண்டுபிடிக்கும் ஃபார்முலா இது. என்டர் தட்டுங்கள். 0.3796. சதவீதமாக்கினால் 37.96.

எப்படி? மே 1ஆம் தேதிக்குள் அக்கா 60,000 கட்டிவிட்டார். ஆனால் வட்டி மட்டும் வருடம் முழுக்க 1 லட்சமும் அவர் கையிலேயே இருந்த மாதிரி போடப்பட்டிருக்கிறது. ஃபிளாட் வட்டி என்பது இதுதான். இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த 3,000. B2வில் 97000ஐ அழித்துவிட்டு 100000 போட்டுப் பாருங்கள், 28.6க்கு இறங்கிவிடும். பேப்பர் வேலைக்கு என்று சும்மா பிடித்த 3,000 ரூபாய், வட்டியில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றியிருக்கிறது! வருடக் கடைசியில் கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது, முதல் நாளே பிடித்ததால்தான் இந்த அடி.

[திரையில்: இரண்டாவது ஷீட்]

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்கள் வட்டியை வருடக் கணக்கில் பேச மாட்டார்கள், ‘ஒரு வட்டி’, ‘ரெண்டு வட்டி’ என்று மாதக் கணக்குதான். அந்த பாஷையில் விடை வேண்டும் என்றால் தேதி கேட்காத `IRR` போதும். ஆனால் அது ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஜனவரி முதல் அடுத்த ஜனவரி வரை 13 கட்டம் போட வேண்டும்.

அக்காவின் மகன் பி.காம் படிக்கிறான், அவன்தான் டைப் பண்ணினான். பணம் கட்டாத மாதங்களைக் காலியாக விட்டுவிட்டான். கேட்டால், “ஒண்ணும் கட்டலையேண்ணா, எதுக்குப் போடணும்?” என்றான். `=IRR(D2:D14)` என்று அடித்தால் 4.9 சதவீதம். மாதத்துக்கு! அக்கா, “அஞ்சு வட்டியா? பாவி, நல்லா இருப்பானா அவன்” என்று செருப்பைத் தேடாத குறை.

நியாயமாகப் பார்த்தால் கடன் கொடுத்தவர் மேல் இதில் பாதித் தப்புதான். எக்ஸெல்லின் `IRR` காலி கட்டத்தைக் கண்டுகொள்ளாது, தாண்டிப் போய்விடும். ஐந்து தவணைகளும் அடுத்தடுத்த ஐந்து மாதத்தில் கட்டி, ஜூன் மாதமே கடன் அடைந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. வருடம் முழுக்க வாங்கிய வட்டியை ஐந்து மாதத்தில் அடக்கினால் ஏறாமல் என்ன செய்யும்? காலி மாதங்களில் எல்லாம் 0 போடச் சொன்னேன். 2.7க்கு வந்தது. ரெண்டே முக்கால் வட்டி. ஒரே ஆள், ஒரே பணம், நடுவில் ஏழு சைபர். ஃபார்முலா எந்த எரரும் காட்டவில்லை என்பதுதான் இதில் பயங்கரம்.

அந்த 2.7ஐ வெறுமனே 12ஆல் பெருக்கினால் சுமார் 32.5, வட்டிக்கு வட்டி சேர்த்துக் கணக்குப் பண்ணினால் 38க்குப் பக்கம். `XIRR` எப்போதும் இரண்டாவது ரகம். வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் தரும் கேஎஃப்எஸ் என்ற கடன் விவரத் தாளில் ஏபிஆர் என்று, கட்டணங்களும் சேர்த்த வருட வட்டியாக ஒரு எண் இருக்கும், அது பெரும்பாலும் முதல் ரகம். அதையும் `XIRR` விடையையும் நேருக்கு நேர் நிறுத்திச் சண்டை போடாதீர்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால் 01-02-2025 என்பது ஜனவரி 2 ஆகிவிடும், அக்கா ஒரே வாரத்தில் 90,000 கட்டிய மாதிரி! விடை 170ஐத் தாண்டும், அதற்கும் எரர் வராது. தேதிக் கட்டங்களை மாதப் பெயரோடு காட்டும்படி மாற்றிவிட்டு ஒரு தடவை கண்ணால் படித்துப் பாருங்கள்.

[திரையில்: C நெடுவரிசை]

அப்புறம் எப்படி நம்புவது? பழைய கடை நோட்டு மாதிரி பாக்கி எழுதிப் பார்ப்பதுதான். E1இல் `XIRR` விடை இருக்கட்டும், C2இல் `=B2`, C3இல் இதைப் போட்டு கீழே இழுங்கள்:

```
=C2*(1+$E$1)^((A3-A2)/365)+B3
```

97,000 ஒரு மாதத்தில் வட்டியோடு 99,688 ஆகிறது, 20,000 போக பாக்கி 79,688. ஏப்ரலில் 30,000 கட்டியதும் 53,943. இப்படியே போய் கடைசி வரியில் பாக்கி சைபர் வந்தால் விடை சரி. வரவில்லை என்றால் விடை தப்பு, அவ்வளவுதான். சில சமயம் `XIRR` திணறிப் போய் 2.98E-09 மாதிரி ஒரு எண்ணைத் துப்பும். அது வட்டி இல்லை, தேடிப் பார்த்துக் கிடைக்காமல் நின்ற இடம். மூன்றாவதாக `0.3` மாதிரி ஒரு உத்தேச எண் சேர்த்துக் கொடுங்கள், பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

போன வாரம் அதே ஆள் திரும்ப வந்திருக்கிறார். “இந்தத் தடவை 2,000தான் பிடிப்பேன் அக்கா, உங்களுக்காக.” அக்கா என்னைக் கூப்பிடக்கூட இல்லை, மகனை உட்கார வைத்து B2வில் 98000 போடச் சொல்லியிருக்கிறார். 35க்குப் பக்கம் வந்திருக்கிறது. “பிடிக்கிறதை எல்லாம் கடைசித் தவணையோட சேர்த்து வாங்கிக்க, பேசலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அப்படி வாங்கினால் எத்தனை வரும்? B2வில் 100000, B7இல் -24000 போட்டு, வரும் விடையை கமென்ட்டில் எழுதுங்கள். ஏழு சைபர் கதை பிடித்திருந்தால் ஒரு லைக், பையனுக்குக் காட்டுகிறேன்.