இது நம்ம ராஜன்

நேயர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஒரு நண்பரோடு நிற்கிறீர்கள். எதிரே இன்னொரு நண்பர் வருகிறார். அவரோடு நின்று பேசத் தொடங்குகிறீர்கள். கூட நிற்கிறவர் முதலில் சிரிக்கிறார், அப்புறம் பஸ் போர்டைப் படிக்கிறார், கடைசியில் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுகிறார். வந்தவருக்கும் ஒரு சங்கடம். யாரிது, பேசலாமா, வேண்டாமா என்று. இரண்டு பேரையும் உங்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலேயே அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது என்பது உங்களுக்கு உறைக்கவில்லை.

இதற்கு வேண்டியது பதினைந்து விநாடிதான். அந்தப் பதினைந்து விநாடியில் என்ன சொல்ல வேண்டும், அறிமுகப்படுத்தப்படுகிறவர் அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கையோடு வைத்துக்கொள்வோம். ராஜன் மார்த்தாண்டத்துக்காரர், தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். பிஜு எல்லை தாண்டி, பாறசாலைக்குப் பக்கம். கொஞ்சம் ரப்பர் உண்டு. வயதில் பிஜு மூத்தவர். இரண்டு பேரும் உங்களுக்கு நண்பர்கள். பெயர்கள் நான் வைத்தவை, யாரும் தேடிப் போக வேண்டாம்.

முதல் சொல்லிலேயே தமிழனுக்கு ஒரு சோதனை இருக்கிறது. வேறு பல பாஷைக்காரர்களுக்கு இல்லாத சோதனை. 'இவன் ராஜன்' என்பதா, 'இவர் ராஜன்' என்பதா? ராஜனை நீங்கள் பத்து வயதிலிருந்து 'லேய்' என்று கூப்பிடுகிறவராக இருக்கலாம். உங்கள் இரண்டு பேருக்குள் அது பாசம். ஆனால் பிஜுவின் முன்னால் 'இவன் ராஜன்' என்று சொன்ன அந்தக் கணத்தில், ராஜனுக்கு என்ன மரியாதை என்பதை நீங்கள் தீர்மானித்து விட்டீர்கள். பிஜு அதற்கு மேலே ஏற முடியாது. ஏறினால் உங்களைத் திருத்துவதுபோல ஆகிவிடும். 'இவன்' என்று அறிமுகமான ஆள், அந்த நட்பு முழுக்க ஒரு படி கீழேயே நிற்பார். பெட்டி விலை பேசும்போதும் கீழேதான்.

சரி, 'இவர்' என்று சொல்லிவிடலாமே என்றால், ராஜனே சிரித்துவிடுவார். 'எப்பம்லே எனக்கு இவ்வளவு மரியாதை?' என்று அங்கேயே கேட்பார். நம்ம பக்கம் 'இவிய' என்று ஒன்று இருக்கிறது. அது பெரியவர்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் பொருந்தும், கூட்டாளிக்குக் கொஞ்சம் அதிகப்படி.

இதற்கெல்லாம் நம் ஆட்கள் எப்போதோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 'இது.' 'இது நம்ம ராஜன்.' அஃறிணைதான், இலக்கண வாத்தியார் கோபப்படுவார். ஆனால் எங்க அண்ணனையும் 'இது எங்க அண்ணன்' என்றுதான் சொல்கிறோம், கலெக்டரையே காட்டினாலும் 'இதுதான் கலெக்டர்' என்கிறோம். 'இது' மரியாதையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதை அடுத்த ஆளின் கையில் விட்டுவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே 'இது' செல்லும். 'இது ராஜன்' என்றால் மலையாளத்திலும் அதேதான்.

ஆக, 'இது' என்று தொடங்கினால் தப்பில்லை. ஆனால் அடுத்த சொல்லிலேயே ஒரு முறைப்பெயர் வர வேண்டும். 'இது ராஜன், நம்ம தம்பி மாதிரி' என்றால், பிஜு 'தம்பி' என்று கூப்பிட உரிமை வந்துவிட்டது. 'பிஜு சேட்டன்' என்று நீங்கள் சொன்னால் ராஜன் என்ன கூப்பிட வேண்டும் என்பதும் முடிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், தமிழ்ப் பக்கத்து ஆள் 'நீங்க' என்பதை அப்படியே 'நிங்ஙள்' ஆக்கிப் பேசுவார். நமக்கு 'நீங்க' மரியாதை. அங்கே மூத்தவரைப் பார்த்து 'நிங்ஙள்' என்றால் பல காதுகளுக்கு முறைப்பாகக் கேட்கும். அவர்கள் அந்த இடத்தில் சேட்டன், சார் என்றுதான் சொல்வார்கள். 'சேட்டன் எப்போ வந்நு' என்று கேட்பார்கள். கூப்பிடும் பெயரை நீங்கள் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வரிசை ஒன்றும் கஷ்டமில்லை. மூத்தவரைக் கூப்பிட்டு, இளையவரை அவருக்குக் காட்டுங்கள். 'பிஜு சேட்டா, இது ராஜன்.' அப்புறம் திரும்பி, 'ராஜா, நான் சொல்லுவேனே, பிஜு சேட்டன்.' இரண்டு பெயரும் இரண்டு பேர் காதிலும் விழ வேண்டும். பஸ் ஹாரன் அடித்தால் நிறுத்தி, மறுபடி சொல்லுங்கள்.

பெயர் முடிந்தது. அடுத்து ஒரு நூல் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் பிடித்துக்கொள்ள. இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. நாம் என்ன சொல்வோம்? 'பிஜு சேட்டன் பெரிய ரப்பர் எஸ்டேட்காரர். ராஜன் நல்ல தேன் கொடுப்பான், ஏமாத்த மாட்டான்.' கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நிமிஷம் பாருங்கள், ஒருவர் முதலாளி, ஒருவர் வியாபாரி. பிஜு 'கிலோ என்ன விலை' என்று கேட்பார், அதோடு பேச்சு முடிந்தது. புகழ்ச்சிக்கும் இதே கதிதான். 'ராஜனை மாதிரி ஆளே கிடையாது' என்றால் ராஜன் தலையைக் குனிந்து சிரிப்பார். பிஜுவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

நல்ல நூலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவருக்கு உள்ள கேள்வி, மற்றவருக்குத் தெரிந்த பதில். பிஜு எப்போதாவது உங்களிடம் சொல்லியிருப்பார்: 'ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் மாசத்துல தோட்டம் முழுக்க ஈ மொய்க்குது, பூவே இல்லையே, என்னத்துக்கு வருது?' ராஜனுக்கு அதன் விடை தெரியும். ரப்பரில் தேன் பூவிலிருந்து மட்டும் வருவதில்லை. இளந்தளிரில், மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் இனிப்பு நீர் கசியும். மார்த்தாண்டத்துக்காரர்கள் அந்தப் பருவத்தில் பெட்டிகளை ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோவது அதற்காகத்தான். ஆக நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'சேட்டா, தளிர் விடும்போ ஈ ஏன் வருதுன்னு கேட்டீங்களே, ராஜனுக்குத் தெரியும். தேனீப் பெட்டி வச்சிருக்காரு.'

பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். நமக்குத் தெரிந்ததைக் காட்டும் ஆசை இருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் ராஜன் வாயிலிருந்து வர வேண்டும், பிஜு ஒரு தளிரைக் கிள்ளிப் பார்த்து 'இதுவா' என்று கேட்க வேண்டும். அதுவரை கூட நில்லுங்கள். அவர்களுக்குள் இரண்டு தடவை பேச்சு போய் வந்துவிட்டது என்றால், 'டீ சொல்லிட்டு வாறேன்' என்று நகருங்கள். முன்னாலேயே நகர்ந்தால் இரண்டு பேரையும் நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி.

இதே வேலையை வாட்ஸாப்பில் செய்வதானால் ஒரு படி கூடும். நம்பரைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால், இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'இன்னார் உங்களோடு பேச விரும்புறார், இதுக்காக. நம்பர் கொடுக்கலாமா?' ஒருவர் 'இப்ப வேண்டாம்' என்றால் அது உங்களோடு நிற்கும், மற்றவருக்குப் போகாது. இரண்டு பேரும் சரி என்றால் ஒரே செய்தியில் பெயர், ஊர், நூல், யார் முதலில் கூப்பிடுவது, எந்த நேரம். 'ராஜன் நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுவார்' என்று எழுதுங்கள். யாருக்குத் தேவையோ அவர்தான் கூப்பிட வேண்டும். இதை எழுதாமல் விட்டால் இரண்டு பேரும் மற்றவர் கூப்பிடட்டும் என்று மரியாதைக்குக் காத்திருப்பார்கள். அறிமுகம் பெரும்பாலும் சாவது அப்படித்தான்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு சொல் மட்டும் எச்சரிக்கை. 'அவசரம்.' மலையாளத்தில் அது வாய்ப்பு. பிஜு 'ராஜனுக்கு ஒரு அவசரம் உண்டு' என்று எழுதினால், நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்கு விளங்கிவிடும். திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு அதை அப்படியே அனுப்பினால், யாருக்கோ ஆஸ்பத்திரி என்று பதறிப்போவார். தெலுங்கில் இதே சொல்லுக்குத் தேவை என்று பொருள், அது தனிக் கதை. செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள், உங்கள் வாக்கில் எழுதுங்கள்.

இப்போது அந்தப் பக்கம் வருவோம். நீங்கள்தான் ராஜன். உங்களைக் காட்டுகிறார்கள். முதலில் பெயரைப் பிடியுங்கள், உடனே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்: 'பிஜு சேட்டனா, வணக்கம்.' சரியாகக் கேட்கவில்லை என்றால் அப்போதே கேட்டுவிடுங்கள். அப்போது கேட்டால் அக்கறை, மூன்றாம் நாள் கேட்டால் மறதி. அடுத்து நூலைப் பிடியுங்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், 'அய்யோ, எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா நாலு பெட்டி' என்று தட்டிவிடுவது. அடக்கம்தான். ஆனால் அறிமுகம் செய்தவர் பொய் சொன்னதாகவும், எதிராளியின் கேள்வி வீண் என்றும் அது ஆகிவிடுகிறது. 'ஆமா' என்று மட்டும் சொன்னாலும் கதவு சாத்தியாயிற்று. ஒரு தகவல், ஒரு கேள்வி, இரண்டும் வேண்டும். 'தளிர்க் காம்புல தேன் கசியும் சேட்டா, அதுக்குத்தான் வருது. உங்க தோட்டத்துல எப்ப தளிர் விட்டுச்சு?' இப்போது பிஜுவுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவர் தோட்டம், அவருக்குத்தான் தெரியும்.

நண்பர் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால், 'நூறு பெட்டி வச்சிருக்கார்' என்று கூட்டிவிட்டால், 'நாப்பதுதான், நூறாக்கணும்' என்று சிரித்துக்கொண்டே அங்கேயே திருத்துங்கள். பின்னால் பிஜு நூறு பெட்டிக்கு இடம் ஒதுக்கிவிட்டு நிற்கக்கூடாது.

போனில் வந்த அறிமுகத்துக்கு அன்றைக்கே பதில் போட வேண்டும், முழுசாகப் பேச நேரம் இல்லாவிட்டாலும். 'கிடைச்சது, வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன்' என்றால் போதும். வெள்ளிக்கிழமை கூப்பிட்டு முதல் வாக்கியத்திலேயே நடுவிலிருந்தவர் பெயரைச் சொல்லுங்கள். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரிடம் யாராவது பெயரைக் கேட்டால் 'என் பெயர் சோழன்' என்பார் என்று கோப்பெருஞ்சோழன் சொன்னதாகப் பாட்டு உண்டு, அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம்...

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் பாக்கி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேசி முடித்ததும், நடுவிலிருந்தவருக்கு ஒரு வரி: 'பேசினோம், ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்குப் போறேன்.' அது வராவிட்டால் அவர் இன்னொரு தடவை உங்களை யாருக்கும் காட்ட மாட்டார்.

இன்னொன்று, அறிமுகப்படுத்துகிற நேரத்தில் ஒருவர் பெயர் மறந்துபோனால். தெரிந்த பெயரை மட்டும் சொல்லுங்கள்: 'இது பிஜு சேட்டன், பாறசாலை.' சொல்லிவிட்டு மற்றவரைப் பார்த்து நிறுத்துங்கள். பத்தில் எட்டுப் பேர் தாமாகவே 'நான் ராஜன்' என்பார்கள். மீதி இரண்டு பேரிடம், 'பேரு நாக்குல நிக்குது, நீயே சொல்லிரு' என்று கேட்டுவிடுங்கள். வணக்கம்.