மகனின் ரத்தம் அம்மாவுக்கு ஆகாமல் போகும் இடம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆபரேஷனுக்கு முன்னால் "ரெண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணிக்கோங்க" என்று டாக்டர் சொன்னதும், சென்னையில் எந்தக் குடும்பத்திலும் முதலில் சட்டைக் கையை மடக்குவது மகனோ தம்பியோதான். "வெளி ஆள் ரத்தம் எதுக்கு, என் ரத்தத்தையே அம்மாவுக்கு ஏத்துங்க" என்கிறார்கள். பாசத்தில் சொல்கிறார்கள். பெரும்பாலான ரத்த வங்கிகளில் அந்தப் பை பொதுக் கையிருப்பில் சேர்ந்துவிடும், அம்மாவுக்கு வேறொருவரின் பை போகும். அப்போது சிக்கல் இல்லை. அதே பை, அதே அம்மாவுக்கு, புதுசாகவே போகும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. இன்று அதைத்தான் விரிவாகப் பேசப் போகிறேன்.

ரத்தப் பையில் சிவப்பணு மட்டும் இல்லை. கொடுத்தவரின் லிம்போசைட்டுகளும், அதாவது அந்நியரை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணுக்களும், உயிரோடு இருக்கின்றன. சாதாரணமாக இவை நம் உடலுக்குள் வந்ததும் நம் லிம்போசைட்டுகள் "இது வெளி ஆள்" என்று கண்டு சில நாட்களில் அழித்துவிடும். அந்த அடையாளத்துக்கு எச்.எல்.ஏ என்று பெயர். அது இரண்டு தொகுப்பாக வருகிறது, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 55 வயது, பைபாஸ் ஆபரேஷன். அவர் தன் தாய்மாமனையே கட்டியவர். அம்மாவின் தொகுப்புகள் 'அ', 'ஆ'. மாமன் வழியும் தாய் வழியும் ஒரே பாட்டி, தாத்தா என்பதால் அப்பாவிடமும் 'அ' இருக்கிறது. அவருடையது 'அ', 'இ'. மகனுக்கு அம்மாவிடமிருந்து 'அ', அப்பாவிடமிருந்தும் 'அ' வந்துவிட்டது. அவனிடம் 'அ' மட்டும்தான்.

இப்போது மகனின் ரத்தம் அம்மாவுக்குள் போகிறது. அம்மாவின் உடல் அந்த லிம்போசைட்டுகளைப் பார்க்கிறது. 'அ' தவிர அங்கே வேறொன்றும் இல்லை, அதுவோ நம்முடையதுதான் என்று விட்டுவிடுகிறது. ஆனால் மகனின் லிம்போசைட்டுகள் அம்மாவைப் பார்க்கும்போது 'ஆ' அவற்றுக்கு அந்நியம். பெருகித் தாக்க ஆரம்பிக்கின்றன. ஏற்றிய ரத்தம் ஏற்றவரையே தாக்கும் இந்த நோய்க்கு டி.ஏ-ஜி.வி.எச்.டி என்று பெயர். அம்மாவுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவே இல்லை, ஆனாலும் அது எழுந்து நிற்காது.

தாய்மாமன், அக்கா மகள் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரே தொகுப்பு இருமுறை வர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. அப்படி வந்தாலே நோய் வரும் என்று பொருளில்லை. உயிருள்ள லிம்போசைட்டுகள் போதுமான அளவில் போக வேண்டும். பத்து நாளுக்குள் எடுத்த புது ரத்தத்தில் அவை அதிகம். உறவுத் திருமணம் இல்லாத குடும்பத்திலும் தற்செயலாக இது நேரலாம், ஆனால் நம் ஊரில் இந்தக் கணக்கை மறக்கவே முடியாது.

நோய் எப்படி வெளிப்படுகிறது? ஆபரேஷன் நன்றாக முடிந்து, வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருக்கும் எட்டாவது, பத்தாவது நாளில் காய்ச்சல். பிறகு உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. மருந்து அலர்ஜி என்று ஆன்டிபயாடிக்கை மாற்றுவார்கள். அடுத்து நீர் நீராக வயிற்றுப்போக்கு, கல்லீரல் என்சைம்கள் ஏற்றம். அப்போதும் தொற்று என்றே தோன்றும். கடைசியில் வெள்ளணு, தட்டணு, ஹீமோகுளோபின் எல்லாம் ஒன்றாகச் சரியும். இந்தச் சரிவுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது, ஏனென்றால் எலும்பு மஜ்ஜையும் தாக்கப்படுகிறது. தோல் பயாப்ஸியும், நோயாளியின் ரத்தத்தில் கொடுத்தவரின் டி.என்.ஏ இருக்கிறதா என்ற சோதனையும் உறுதி செய்யும். ஆனால் அதற்குள் கைமீறிப் போயிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள். ஸ்டீராய்டு உட்பட எந்த மருந்தும் நம்பிக் கொடுக்கும்படி இல்லை. அதனால்தான் தடுப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

"நாங்கள் ஃபில்டர் போட்டுத்தானே ஏற்றுகிறோம்" என்று சிலர் கேட்பார்கள். ஒரு பையில் நூறு கோடிக்கு மேல் வெள்ளணு இருக்கும். நல்ல ஃபில்டர் அதை ஐம்பது லட்சத்துக்குக் கீழே கொண்டுவரும். காய்ச்சல் வராமல் தடுக்கவும், அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியா குழந்தைக்கு எச்.எல்.ஏ எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கவும் அது போதும். சேமிக்கும் முன்பே வடிகட்டினால் இன்னும் நல்லது. ஆனால் மீதி இருக்கும் சில லட்சங்களும் பெருகக்கூடியவை. இந்த நோய்க்கு ஃபில்டரை நம்பக் கூடாது. சலைனில் கழுவுவதும் அப்படியே. கழுவினால் பிளாஸ்மா போகும், லிம்போசைட்டு தங்கும்.

இதற்கு நம்பகமான வழி கதிர்வீச்சு. பையை இரேடியேட்டருக்குள் வைத்து, அதன் நடுவில் 25 கிரே அளவு கதிர், எந்த மூலையிலும் 15 கிரேக்குக் குறையாமல் கிடைக்கும்படி செய்கிறோம். லிம்போசைட்டின் டி.என்.ஏ உடைந்து அது பெருக முடியாமல் போகும். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால் அது வேலையைத் தொடர்ந்து செய்யும். பையும் நோயாளியும் கதிர்வீசுவதில்லை; அந்தப் பயத்தைக் குடும்பத்துக்குச் சொல்லித் தீர்க்க வேண்டும். கோபால்ட் 60 உள்ள கருவியில் ஐந்தேகால் வருடத்தில் சக்தி பாதியாகிறது. அதனால் பையை வைக்கும் நேரத்தை அவ்வப்போது கணக்கிட்டுக் கூட்டாவிட்டால், லேபிள் ஒட்டிய பையிலேயே அளவு குறைந்துபோகும். கதிர்பட்டால் எழுத்து மாறும் லேபிளைப் பார்த்துவிட்டே பையை வெளியே அனுப்ப வேண்டும். அந்த லேபிள் கதிர்பட்டதைச் சொல்லும். அளவு சரியா என்பதற்குக் கருவியைத் தனியே சோதித்திருக்க வேண்டும்.

ஒரு விலையும் உண்டு. கதிர்பட்ட சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் வேகமாகக் கசியும். அதனால் கதிர்பட்ட நாளிலிருந்து 28 நாள், அல்லது பையின் பழைய காலாவதித் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவே கடைசி. பெரியவருக்கு மெதுவாக ஏற்றினால் அந்தப் பொட்டாசியம் ஒன்றும் செய்யாது. ரத்தம் முழுவதையும் மாற்றும் பச்சைக் குழந்தைக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். அந்தக் குழந்தைக்குப் புதுப் பையைக் கதிரிட்டு 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அது முடியாதபோது கழுவிக் கொடுப்பார்கள். கழுவிய பை 24 மணி நேரம்தான் தாங்கும், சிவப்பணுவிலும் கொஞ்சம் போய்விடும். ஐ.ஜி.ஏ என்ற ரத்தப் புரதம் இல்லாமல் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உள்ளவர்கள், பிளாஸ்மாவால் திரும்பத் திரும்பக் கடும் அலர்ஜி வருபவர்கள், இவர்களுக்குத்தான் கழுவுவது முதன்மையான வழி.

ஆக, யாருக்குக் கதிரிட்ட ரத்தம்? ரத்த உறவினர் கொடுத்த எந்தப் பையும் அதே குடும்பத்தவருக்குப் போகும்போது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வந்தவர்களுக்கு, குணமான பின்னும். ஃப்ளூடாராபின், கிளாட்ரிபின் போன்ற ரத்தப் புற்று மருந்து எடுத்தவர்களுக்கு, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, பிறவியிலேயே டி செல் என்ற லிம்போசைட்டு குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, கருவிலிருக்கும் சிசுவுக்கு ஏற்றும் ரத்தத்துக்கு. எச்.ஐ.வி உள்ளவருக்கு அதற்காக மட்டும் தேவையில்லை. உறைந்த பிளாஸ்மாவுக்கும் தேவையில்லை, ஆனால் தட்டணுப் பைக்குத் தேவை.

தேவைப் படிவத்தில் "சிவப்பணு, 2 யூனிட்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் ரத்த வங்கிக்கு இது எதுவும் தெரியாது. நோயின் பெயரையும் ஃப்ளூடாராபின் போன்ற மருந்தின் பெயரையும் எழுதுங்கள், "கதிரிட்டது தேவை" என்று எழுதுங்கள். கொடுப்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்பதை முகப்பிலேயே கேட்டு, கொடையாளர் படிவத்தில் பதிவு செய்யுங்கள். ஹாட்ஜ்கின் வந்தவருக்கு ஒரு அட்டை கொடுத்து அதை எப்போதும் பர்ஸில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து, சாலை விபத்தில் வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும்போது அவரால் பேச முடியாமல் இருக்கலாம்.