மூன்று வீடும் ஒரு மார்க் பட்டியலும்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் 30 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பல விஷயங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க மார்க் போட்டுக் கூட்டிப் பார்ப்பது எப்படி என்று இன்று சொல்லப்போகிறேன். பக்கத்தில் பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் கொஞ்சம் வரும், மெதுவாகவே சொல்கிறேன்.

போன சித்திரையில் என் தங்கை மகன் வாடகைக்கு வீடு தேடினான். அவனுக்கு வேலை கங்கைகொண்டான் சிப்காட்டில். பிள்ளைகள் இரண்டும் படிப்பது பாளையங்கோட்டையில். நான்கு வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாமல் என்னிடம் வந்தான்.

நான்கில் ஒன்று ஆற்றை ஒட்டிய வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தின் சேற்றுக்கோடு காம்பவுண்டுச் சுவரில் இடுப்பளவுக்கு இன்னும் தெரிகிறது. வாடகை மலிவு. இதைப் பட்டியலுக்குள்ளேயே விடாதே என்றேன். மார்க்கைக் கூட்டிப் பார்க்கும் கணக்கில் மலிவான வாடகை போய் வெள்ளத்துக்கு ஈடுகட்டிவிடும். கூடவே கூடாது என்பவற்றை முதலிலேயே அடித்துவிட வேண்டும்.

மீதி மூன்று: பெருமாள்புரம், தச்சநல்லூர், கேடிசி நகர். பிள்ளைகள் பள்ளிக்குப் போக முறையே 10, 40, 20 நிமிடம். இவன் வேலைக்குப் போக 50, 25, 40 நிமிடம். வாடகை 12,000, 9,500, 10,000. வாடகையை மட்டும் எழுதினால் போதாது. பெருமாள்புரத்திலிருந்து பைக்குக்கு மாதம் 3,000 ரூபாய்க்குப் பெட்ரோல். பிள்ளைகள் சைக்கிளில் போய்விடுவார்கள். தச்சநல்லூரில் பெட்ரோல் 1,300, பள்ளி வேன் 2,200. கேடிசி நகரில் பெட்ரோல் 2,200, வேன் 1,600. கூட்டினால் 15,000, 13,000, 13,800. வாடகையில் 2,500 ஆக இருந்த வித்தியாசம் 2,000 ஆகச் சுருங்கிவிட்டது, பாருங்கள்.

இனி மார்க். ஒவ்வொரு விஷயத்திலும் மூன்றில் மோசமான வீட்டுக்கு 0, நல்ல வீட்டுக்கு 100. நடுவில் இருப்பதற்கு அதன் தூரத்துக்குத் தக்கபடி. கேடிசி நகருக்குப் பள்ளியில் 67, வேலைப் பயணத்தில் 40, செலவில் 60. மற்ற இரண்டும் முழு மார்க்கோ சைபரோ வாங்கும்: பெருமாள்புரத்துக்குப் பள்ளியில் மட்டும் 100, தச்சநல்லூருக்கு மற்ற இரண்டிலும் 100.

அப்புறம் எதற்கு எத்தனை பங்கு என்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "துட்டுதான மாமா முக்கியம்" என்று செலவுக்கு 50, பள்ளிக்கு 30, பயணத்துக்கு 20 போட்டான். ஒவ்வொரு மார்க்கையும் அதன் பங்கால் பெருக்கி, நூறால் வகுத்துக் கூட்டினால் தச்சநல்லூருக்கு 70, கேடிசி நகருக்கு 58, பெருமாள்புரத்துக்கு 30. முடிந்தது என்று எழுந்துவிட்டான்.

"உட்காருல" என்றேன். பணம் முக்கியமா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இந்த மூன்று வீட்டுக்குள் பணம் எவ்வளவு மாறுகிறது என்பதல்லவா கேள்வி? மூன்றிலும் மோசமான ஒரு வீட்டில் நீ மாட்டிக்கொண்டாய் என்று வை: பள்ளிக்கு 40 நிமிடம், வேலைக்கு 50 நிமிடம், செலவு 15,000. ஒன்றை மட்டும் நல்லதாக்கலாம் என்றால் எதை மாற்றுவாய்? யோசிக்காமல் சொன்னான்: பள்ளியை. மாதம் 2,000 ரூபாயை எப்படியாவது சமாளிக்கலாம், சின்னவள் தினமும் காலையும் மாலையும் வேனில் 40 நிமிடம் உட்கார மாட்டாள் என்றான். சரி, அதற்கு 100. அதோடு ஒப்பிட்டால் வேலைப் பயணம் 25 நிமிடம் குறைவதற்கு 60, மாதம் 2,000 குறைவதற்கு 40 என்றான். மொத்தம் 200, அதை நூறுக்குக் கொண்டுவந்தால் 50, 30, 20. முதலில் 50 வாங்கிய பணம் 20க்கு இறங்கிவிட்டது. ஆள் அதே ஆள்தான், கேள்விதான் வேறு.

இப்போது பெருமாள்புரம் 50, தச்சநல்லூர் 50, கேடிசி நகர் ஐம்பத்தேழரை.

எனக்குத் திருப்தி இல்லை. ஏழரை மார்க் வித்தியாசம் ஒரு தப்பான அளவில் கரைந்துபோகும். கேடிசி நகரிலிருந்து பள்ளிக்கு 20 நிமிடம் என்றானே, அதை எப்போது அளந்தான்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்! பள்ளி நாளில் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார் என்று அனுப்பினேன். 25 நிமிடம் ஆனது. மற்ற இரண்டு வீட்டையும் அதே நேரத்தில் அளந்தான், அவை மாறவில்லை. கேடிசி நகரின் பள்ளி மார்க் 67லிருந்து 50க்கு இறங்க, மொத்தம் 49.

50, 50, 49. பையன் முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு கணக்குப் போட்டும் விடை வரவில்லையே என்றான். அடே, மூன்றும் ஒன்றுதான் என்பதே விடை. இனி இந்தப் பட்டியலில் இல்லாத எதைக் கொண்டும் நீ தேர்ந்தெடுக்கலாம், நஷ்டம் இல்லை என்றேன்.

அவன் கூடவே இருக்கும் என் தங்கை அதுவரை வாயைத் திறக்கவில்லை. பெருமாள்புரம் வீடு ஒன்றுதான் தரைத்தளம், என் முழங்காலுக்குப் படி ஆகாது என்றாள். ஆனியில் அங்கே பால் காய்ச்சினார்கள்.