காட்டுவது இலவசம், கேட்டுத் திருத்துவதற்குத்தான் கட்டணம்

நேயர்களுக்கு வணக்கம். வாளையாருக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூரிலும், அந்தப் பக்கம் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலும் மிருதங்கம் சொல்லித்தருகிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "யூட்யூபில் எல்லாத்தையும் சும்மா போட்டுட்டா, அப்புறம் யாருங்க காசு கொடுத்துக் கத்துக்க வருவாங்க?" இந்தப் பயத்தில் பலர் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "மீதிக்குப் பணம் கட்டிச் சேருங்கள்" என்கிறார்கள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. இலவசமாகக் கொடுப்பதை முழுசாகக் கொடுக்க வேண்டும்.

மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பிக்கு ரவை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக மிருதங்கம் வாங்கின வீட்டில் முதலில் முழிப்பது இங்கேதான். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடந்தலைத் தோலின் நடுவில் வட்டமாக அப்ப வேண்டும். குறைந்தால் சத்தம் மேலே நிற்கும், கூடினால் அடைத்துப்போகும். வலந்தலைச் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே வந்து நிற்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதை ஐந்து நிமிட வீடியோவில் ஒளிவு மறைவில்லாமல் காட்டலாம். பார்த்தவர் அன்றைக்கே செய்து பார்ப்பார், சரியாக வரும். அடுத்து தொம் சரியாக விழவில்லை என்று தேடும்போது உங்களைத்தான் தேடுவார். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு சிக்கல், அதற்கு முழுத் தீர்வு. எந்தச் சிக்கலை எடுப்பது என்றால், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இந்த வாரம் எதில் மாட்டினார்களோ அதை.

எல்லைப்பக்க வாத்தியார்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடியோவில் பேச்சைக் குறைத்துச் சொற்கட்டைக் கூட்டுங்கள். "த தி தொம் நம்" தமிழ்ப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் ஒன்றுதான். ஒரே வீடியோ இரண்டு பக்கமும் போகும்.

சரி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கட்டணம் எதற்கு? வீடியோ பார்க்கிற பிள்ளைக்குத் தன் கை எப்படி விழுகிறது என்று தெரியாது. "நம்" என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல், வலந்தலை நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். அது சற்றே அழுந்தினாலும் நாதம் செத்துப்போகும். அந்தப் பிள்ளையின் காதுக்கு அது நன்றாக வாசித்ததாகத்தான் கேட்கும். அதைக் கேட்டு, "விரலை எடு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கட்டணம் அதற்குத்தான். பதிவு செய்த பாடங்களை வரிசையாக அடுக்கி ஒரு கோர்ஸாக விற்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் திருத்துகிற ஆள் இல்லாத கோர்ஸை வாங்கினவர்கள் முதல் சில பாடங்களோடு நின்றுவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருத்த வேண்டுமென்றால் முதலில் சரியாகக் கேட்க வேண்டும். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் போன் செய்தார். "அண்ணா, பையன் தினமும் உட்கார்ந்து வாசிக்கிறான். ஆன்லைன் சார் என்னடான்னா, இடது கை சத்தமே வரலை, தொப்பியை அடிக்கவே மாட்டேங்கிறான்னு சொல்றார். பையன் அழறான்." நேரில் கூட்டிவரச் சொன்னேன். வந்தான், உட்கார்ந்தான், வாசித்தான். தொப்பி அருமையாக முழங்கியது! பையன் மேல் குறையே இல்லை. அவர்கள் வகுப்பு நடத்தியது வீடியோ அழைப்பில். அழைப்புச் செயலிகள் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. குரல் அல்லாத சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அடித்தவுடன் எழும்பித் தேய்கிற தாழ்ந்த சத்தமாகிய தொப்பி முதலில் மாட்டும். அதோடு, அந்தப் பக்கம் வாத்தியார் போனின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். தாழ்ந்த சத்தத்தை அது எழுப்பவே எழுப்பாது. இரண்டும் சேர்ந்து ஒரு பையனை அழவைத்துவிட்டன.

இதற்கு வழி எளிது. ஜூமில் பாடம் நடத்தினால் அமைப்புகளுக்குள் போய் Original sound for musicians என்பதை மாணவர் பக்கம் போட வைக்க வேண்டும். வாத்தியார் ஹெட்போன் மாட்டித்தான் கேட்க வேண்டும். அதைவிட நல்ல வழி, போன் கேமராவிலேயே பதிவு செய்து அனுப்பச் சொல்வது. இரண்டு கையும் தெரிகிற மாதிரி, நாலடி தள்ளி, ஸ்டூல் மேல் போன் இருக்கட்டும். மேலே மின்விசிறி வேண்டாம்.

அழைப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை வேகத்தில் ஆதி தாளம் போடுகிறீர்கள், எண்ணிக்கைக்கு நாலு சொல் என்றால் ஒரு சொல்லுக்குக் கால் நொடி. உங்கள் தாளம் அங்கே போய், அவன் வாசிப்பு இங்கே திரும்பி வரக் கால் நொடி ஆனாலே ஒரு சொல் முழுசாகப் பின்தங்கிக் கேட்கும். அவன் தாளத்தில்தான் வாசிப்பான், நீங்கள் "இழுக்கிறாய்" என்பீர்கள். அதனால் அழைப்பில் சேர்ந்து வாசிக்கவே கூடாது. தாளத்தைப் பதிவு செய்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவன் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வாசித்து, அந்த வீடியோவை அனுப்பட்டும்.

மாதச் சந்தாவில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதும் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு பிள்ளை வாரம் ஒரு தடவை இரண்டு நிமிட வீடியோ அனுப்புகிறது. நீங்கள் பார்க்க இரண்டு நிமிடம், பதில் பதிவு செய்ய நாலு நிமிடம். 30 பேர் என்றால் வாரம் மூன்று மணி நேரம், சமாளிக்கலாம். 100 பேர் என்றால் பத்து மணி நேரம். வேறு வகுப்பும் கச்சேரியும் உள்ளவருக்கு அது முடியாது. "நன்று, தொடருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் போக ஆரம்பிக்கும், பிள்ளைகளும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எத்தனை பேரைக் கேட்க முடியுமோ அத்தனை பேரோடு கதவைச் சாத்துங்கள். ஒரு பிள்ளை இரண்டு வாரம் வீடியோ அனுப்பவில்லையென்றால் நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். வீடியோ நின்ற பிறகுதான் பணம் நிற்கும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று இங்கே கை காட்டுகிறார்கள். பணத்தைப் பற்றி ஒரு வரி: யூட்யூபின் உறுப்பினர் வசதி வழியாக வாங்கினால் வரி போக மிஞ்சுவதில் 70 சதவீதம்தான் உங்கள் கைக்கு வரும், 500 ரூபாய்க்கு 350 கூட முழுசாக வராது. முப்பது பேருக்கு நேரடியாக யுபிஐயில் வாங்கிக்கொள்வதே போதும்.

கடைசியாக, கச்சேரி ஒலிப்பதிவு ஓட, கூடவே மிருதங்கம் வாசித்துப் போடாதீர்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அந்தப் பதிவு ஒரு நிறுவனத்தின் சொத்து, உங்கள் வீடியோ மேல் உரிமை கோரி அதன் வருமானத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவில் பாட்டு கற்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கள், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு. வணக்கம்.